நகோமியின் அடுப்படி

ரூத்து தன் மாமியாரைப் பிரிய மறுத்ததை முதல் வாசகத்தில் கேட்டோம். பெத்லகேமில் கால் வைத்த பிறகு அந்த மோவாபியப் பெண் எப்படிச் சமாளித்தார்? ஊரும் புதிது, வழக்கமும் புதிது. இதை எண்ணும்போது ஒரு கதை சொல்லத் தோன்றுகிறது.

ராஞ்சியில் பிறந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி, வங்காளத்தின் கிருஷ்ணநகருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இந்தி தெரியும், வங்காளம் தெரியாது. திருமணத்துக்கு முன் மஞ்சள் பூசுவதை ‘காயே ஹோலுத்’ என்றார்கள். புரியாமலே சிரித்துவைத்தாள். புகுந்த வீட்டில் மாமியார் ‘பௌமா’ என்று கூப்பிட்டார். அங்கே மருமகளை அப்படித்தான் அழைப்பார்கள். அவசரத்தில் அது வெறும் ‘மா’ என்றாகிவிடும். மாமியார் மருமகளை அம்மா என்கிறார்!

முதல் பாடம் தாளிப்பு. சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், கடுகு ஐந்தும் கலந்த ‘பாஞ்ச் ஃபோரோன்’. சில வீடுகளில் கடுகுக்குப் பதில் ராந்துனி என்ற விதை சேரும். கடுகெண்ணெய் புகையும் வரை காய வேண்டும், பிறகு தணலைக் குறைத்துத்தான் விதைகளைப் போட வேண்டும். அவள் புகையும்போதே போட்டுவிட்டாள். வெந்தயம் கறுத்துவிட்டது. கறுத்த வெந்தயம் குழம்பு முழுவதையும் கசக்க வைக்கும். மாமியார் எண்ணெயைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் துடைத்தார். “ஷோனா, மறுபடி ஊற்று” என்றார். ஷோனா என்றால் தங்கம்.

அடுத்து ‘பௌ பாத்’. புது மருமகள் தன் கையால் பெரியவர்களுக்குச் சோறும் நெய்யும் பரிமாறும் நாள். கூடம் நிறைய உறவினர். அரிசிப் பானையைப் பார்த்தவள், “சால் நேய்” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அரிசி இல்லை என்று வங்காள வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் அருகில் வந்து காதோடு சொன்னார்: “சால் பாடந்தோ, மா.” அரிசி வளர்கிறதாம். நம் பாட்டிமார் உப்பு தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்களே, அதே மரியாதை. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்தது. அவளே வடித்தாள், அவளே பரிமாறினாள்.

இங்கே மாமியாராக இருக்கும் தாய்மாரைக் கேட்கிறேன். அத்தனை பேர் பார்க்கும்போது நீங்கள் காதோடு சொல்லியிருப்பீர்களா, கூடத்துக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பீர்களா?

ரூத்தின் மாமியார் நகோமி கணவனையும் இரு மகன்களையும் இழந்தவர். தன்னைக் கசப்பு என்று அழைக்கச் சொன்னவர். ஆனாலும் ரூத்தைக் கடிந்துகொண்டதாக அந்நூலில் ஒரு வரியும் இல்லை. ‘மகளே’ என்றுதான் அழைக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் குளிப்பதிலிருந்து உடுத்துவதுவரை படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார். ரூத்தும் வயலில் உண்டு மீந்ததை மாமியாருக்கென எடுத்துவருகிறார். கடைசியில் ரூத்துக்குக் குழந்தை பிறந்தபோது, நகோமிக்கு மகன் பிறந்திருக்கிறான் என்றே ஊர்ப் பெண்கள் சொன்னார்கள்.