மனசில் நாலு

கதை சிறியது. ஏழாம் வகுப்பு அக்கா, நாலாம் வகுப்புத் தம்பியின் பெருக்கல் தாளைத் திருத்துகிறாள். 47 × 36 என்ற கணக்குக்கு அவன் விடை 1692. தாளின் ஓரத்தில் அவள் போட்டுப் பார்த்ததில் வந்தது 1652. சிவப்புப் பேனாவால் தப்புப் போடுகிறாள். தம்பி ஏன் என்று கேட்கவில்லை. ரப்பரை எடுத்து விடையைத் தேய்க்கத் தொடங்குகிறான்.

எங்கே தவறினான் என்று காட்டுவதற்காக அவள் வாய்விட்டுச் சொல்லிப் பெருக்குகிறாள்: "ஆறேழு நாற்பத்திரண்டு. ரெண்டு போட்டு மனசில் நாலு. ஆறுநாலு இருபத்துநாலு..." அங்கே நாக்கு நிற்கிறது. மனசில் வைத்த நாலை அவள் கூட்டவே இல்லை. அவன் வரியில் 282, அவள் வரியில் 242. அந்த 40தான் இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. தப்புக் குறியை டிக்காக மாற்றிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். சொல்லாமல் விடுவதற்கும் ஒரு நியாயம் உண்டு: அக்காவும் தப்புப் போடுவாள் என்று தெரிந்தால் ஒன்பது வயதுப் பையன் ஒவ்வொரு சிவப்புக் குறிக்கும் வழக்காடுவான், வேலை ஓடாது. வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் இதை லேசாகத் தள்ளமாட்டார்கள்.

ஆனால் குறி மாறுவதால் ரப்பர் தேய்த்தது திரும்பி வராது. சரியாகப் போட்டவன், அக்கா சொன்னாள் என்பதற்காகத் தன் விடையை அழித்தான். காரணம் சொல்லாமல் டிக் போட்டால், தான் சரியாகச் செய்ததும் அவனுக்குத் தெரியாது, எப்படிச் சரியானது என்பதும் தெரியாது. நாலைக் கூட்டியவன் நீ, விட்டவள் நான் என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவது அவனுக்குச் சேரவேண்டிய பாக்கி.

வழக்கின் வேர் இன்னும் முன்னால் இருக்கிறது. இரண்டு விடைகள் ஒத்துவரவில்லை என்றால் குறைந்தது ஒன்று தப்பு. எது என்பது அதிலிருந்து தெரியாது. பேனா யார் கையிலோ, அவர் பக்கம் தீர்ப்பு சாய்ந்துவிட்டது. சோதிக்க எளிய வழி இருந்தது. 36 ஒன்பதின் மடங்கு, ஆகவே விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கே வரவேண்டும். 1692க்கு 18 வருகிறது, 1652க்கு 14. இதை நம்பியே இருந்துவிடவும் முடியாது. இரண்டாம் வரியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளாமல் 282ஐயும் 141ஐயும் கூட்டுபவனுக்கு 423 கிடைக்கும். அதன் கூட்டுத்தொகையும் 9தான். வரிவரியாகப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. தம்பியின் கணக்குக்கு அந்தப் பார்வை கிடைத்தது. அக்காவின் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

அவள் சொல்லிவிடுகிறாள். கதை அங்கே முடிந்திருந்தால் அது சின்ன நாணயம். அதற்குப் பிறகு அவள் போன வாரத் தாள்களையும் எடுக்கிறாள், மனசில் வைத்ததை அவற்றிலும் விட்டிருக்கலாமே என்று. இந்த முறை கையில் பென்சில்.