குறையைத் தேடுதலும் குற்றவாளியைத் தேடுதலும்

கொழும்பின் வடகோடியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அண்டியிருப்பது மட்டக்குளி. அங்குள்ள ஒரு பாடசாலையின் மாணவர் சஞ்சிகைக் குழு, இவ்வாண்டு இதழுக்கென ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத முனைகிறது என வைத்துக்கொள்ளலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் சுகாதாரமே பொருள். எவரையும் பழிக்கலாகாது என்பதிலும் குழுவினர் உடன்படுகின்றனர். பெயர் எதனையும் அச்சிடுவதில்லை எனத் தீர்மானித்து, ‘எமது சிற்றுண்டிச்சாலை சுத்தமானதா?’ எனத் தலைப்பிடுகின்றனர்.

இத்தீர்மானம் நல்லெண்ணத்தின்பாற்பட்டதே. ஆயினும் அதில் ஒரு பிழை மறைந்துள்ளது. அப்பாடசாலையில் உள்ளது ஒரேயொரு சிற்றுண்டிச்சாலை. அதனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். அங்கே வேலைசெய்யும் பெண்கள் இருவர். அவ்விருவரில் ஒருவர் அதே பாடசாலை மாணவியொருத்தியின் தாயாராகவும் இருக்கலாம். ‘பரிமாறுபவர் காசு தொட்ட கையாலேயே வடையை எடுத்துக் கொடுக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் பெயரை விடுவதனால் யாது பயன்? வாசிப்போர் அனைவரும் அவரை அறிவர். பெயரை மறைப்பது வேறு, பழியைத் தவிர்ப்பது வேறு. பழி பெயரில் தங்குவதில்லை. கேட்கப்படும் வினாவில் தங்குகிறது. ‘யார் அசுத்தமானவர்?’ என்று வினவினால் விடையும் ஓர் ஆளாகவே வந்து நிற்கும்.

இதற்கு வரலாற்றில் ஒரு பெருஞ் சான்று உண்டு. 1906ஆம் ஆண்டுக் கோடையில், நியூயோர்க்கை அடுத்த ஒயிஸ்ரர் பே என்னுமிடத்தில், ஒரு வீட்டிலிருந்த பதினொருவருள் ஆறு பேருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. காரணத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் சோப்பர், அவ்வீட்டில் சமையல் செய்த மேரி மலன் என்ற ஐரிஷ் பெண்ணே கிருமியைச் சுமந்தவர் எனக் கண்டார். நோயின் அறிகுறி எதுவும் அப்பெண்ணிடம் இருக்கவில்லை. 1907இல் அவரைப் பிடித்துத் தீவொன்றில் தனிமைப்படுத்தினர். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910இல் விடுவித்தனர். சலவைத் தொழிலுக்குச் சென்றார். அதில் கிடைத்த கூலி சமையற்காரியின் கூலியினும் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்குத் திரும்பினார். 1915இல் அவர் சமைத்த மகப்பேற்று மருத்துவமனையில் இருபத்தைந்து பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அதன்பின் 1938இல் இறக்கும்வரை அத்தீவே அவரது சிறையாயிற்று.

மேரி முற்றிலும் குற்றமற்றவர் என வாதிடுதல் பொருந்தாது. வாக்குறுதியை மீறியவர் அவரே. எனினும், நோயின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துப் பட்டமாக்கிய பின்னர், வேறு வினாக்கள் உலகின் செவியில் ஏறவில்லை. பிழைப்புக்கு ஈடான மாற்றுத் தொழில் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? அவரைப் போலவே கிருமியைச் சுமந்த பலநூறு பேர் அந்நகரில் பின்னர் கண்டறியப்பட்டும், அவரைப் போல் ஆயுட்காலம் அடைக்கப்படாதது ஏன்? ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டதென மனம் எண்ணிவிடுகிறது. பழியின் பெருங்கேடு அது இழைக்கும் அநீதி மட்டுமன்று; அது அறிவுத் தேடலை இடைவழியில் நிறுத்திவிடுவதுமாகும்.

இனி மட்டக்குளிக்கு மீளலாம். மாணவர் கைகழுவாமல் உண்கின்றனர் என்பது குழுவினரின் முதல் அவதானம் எனக் கொள்க. இங்கே பழி மாணவர்மீதே விழக்கூடும். ‘ஒழுக்கமற்ற பிள்ளைகள்’ என்ற தீர்ப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் குழுவினர் குழாய்களை எண்ணிப் பார்க்கட்டும். மாணவர் அறுநூறு பேர், குழாய்கள் ஆறு, இடைவேளை இருபது நிமிடம். சவர்க்காரமிட்டு ஒழுங்காகக் கைகழுவ ஒருவருக்கு அரை நிமிடமேனும் வேண்டும். ஆகவே ஒரு குழாயில் இருபது நிமிடத்தில் நாற்பது பேர். ஆறு குழாய்களில் இருநூற்று நாற்பது பேர். இடைவேளை முழுவதையும் கைகழுவுவதிலேயே கழித்தாலும் முந்நூற்று அறுபது பேர் கழுவாமலே உண்ணவேண்டும். ஒருவன் செய்ய இயலாததைச் செய்யவில்லை என்று அவனைக் குற்றஞ்சாட்டல் ஆகாது என்பது கான்ற் முதலிய அறவியலாளர் வலியுறுத்திய கருத்து. அதனை இங்கே மெய்ப்பிக்கத் தத்துவ நூல் தேவையில்லை; வகுத்தற் கணக்கே போதும். காசையும் வடையையும் ஒரே கை தொடுகிறது என்பதும் இத்தகையதே. முண்டியடிக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒருவரே நின்று இரு வேலையும் செய்யும்போது அவர் வேறென்ன செய்வார்? கையுறை அணிவித்தாலும் காசு தொட்ட கையுறை காசு தொட்ட கைதான்.

ஆயினும் இவற்றிலும் சிறந்த தலைப்பு ஒன்றுண்டு: ‘சட்டியிலிருந்து கைக்கு எத்தனை மணிநேரம்?’ மீன் றோல்ஸ், கட்லட், சோறு முதலிய ஈரப்பதமுள்ள சமைத்த உணவுகளில், ஏறக்குறைய 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. கொழும்பின் பகல் வெப்பமோ முப்பது பாகையளவில் நிற்பது. இவ்விடைநிலையில் நான்கு மணிநேரத்துக்கு மேல் இருந்த உணவைக் கழித்துவிடுதலே பொதுவாகக் கூறப்படும் விதி. சில கிருமிகள் விடும் நஞ்சு மீளச் சூடாக்கினும் அழிவதில்லை. நிறத்தாலோ மணத்தாலோ அதனை அறியவும் இயலாது. எனவே முகர்ந்து பார்ப்பது சோதனையாகாது, கடிகாரமே சோதனை.

ஒரு வாரம், ஐந்து நாளும், உணவு சமைக்கப்பட்ட நேரம், பாடசாலைக்கு வந்த நேரம், விற்கப்பட்ட நேரம் ஆகிய மூன்றையும் மாணவர் குறிக்கட்டும். யார் கொடுத்தார் என்பதற்கு அட்டவணையில் இடமே வேண்டியதில்லை. அதிகாலை நான்கு மணிக்குப் பொரித்த றோல்ஸ் பத்தரைக்கு விற்கப்படுகிறது எனத் தெரிந்தால், ஆறரை மணிநேரம் என்ற எண் கண்முன் நிற்கிறது. ஏன் நான்கு மணி? சிற்றுண்டிச்சாலையில் சமைக்க அடுப்பு இல்லை. ஏன் இல்லை? குத்தகை நிபந்தனையில் அது இடம்பெறவில்லை. இவ்வாறு வினா தொடர்ந்து செல்கையில் அது ஒரு பெண்ணின் கையிலிருந்து விலகி, முடிவெடுக்கும் மேசையைச் சென்றடைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வயிற்றுநோவு கண்டவுடன் கடைசியாக உண்டதையே மக்கள் குற்றஞ்சாட்டுவர். சில நஞ்சுகள் சில மணிநேரத்தில் வாந்தியை உண்டாக்கும். நெருப்புக்காய்ச்சலோ கிருமி புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின்னரே பெரும்பாலும் வெளிப்படும். நேற்றைய வடை, இருவாரத்துக்கு முந்திய தண்ணீரின் பழியைச் சுமக்கக்கூடும். ஆகவே ‘இன்னாருக்கு இதனால் நோய் வந்தது’ என்று எழுதும் தகுதி மாணவர் குறிப்பேட்டுக்கு இல்லை. நேரத்தை எழுதலாம், நோயை எழுதலாகாது.

எவரையும் பழிக்காமை என்பது எவரும் பொறுப்பாளரல்லர் என்பதாகிவிடுமோ என்ற ஐயம் நியாயமானது. ‘சூழலே காரணம்’ என்று முடிக்கும் கட்டுரை அனைவரையும் மகிழ்வித்து எதனையும் மாற்றாது போகும். அதனால் பொறுப்பை ஆளுக்கன்றிப் பதவிக்கு உரித்தாக்கவேண்டும்: குழாய் அமைப்பது நிர்வாகத்தின் கடமை, நிபந்தனை எழுதுவது குத்தகை வழங்குவோரின் கடமை. இன்னொரு நிலையும் உண்டு. பழுதான உணவு என அறிந்தே ஒருவர் விற்பதை மாணவர் கண்டால், அது சஞ்சிகைக்குரிய பொருளே அன்று. ஆண்டிதழ் வெளிவரும்வரை அதனைக் காத்துவைப்பது அடாத செயல். அன்றே அதிபரிடம் கூறவேண்டும். அவர்வழி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறியவேண்டும். அவரிடம் அதிகாரமும் உண்டு, குற்றஞ்சாட்டப்பட்டவர் பதிலுரைக்க வழியும் உண்டு. சஞ்சிகையின் பக்கத்தில் இவ்விரண்டும் இல்லை.

அச்சுக்குப் போகுமுன் அவ்வட்டவணையைச் சிற்றுண்டிச்சாலைப் பெண்களிடமும் காட்டுதல் நன்று. நான்கு மணி என்று மாணவர் எழுதிய இடத்தில், அடுப்பு மூட்டியது மூன்று மணிக்கு என்று அவர்கள் திருத்தக்கூடும்.