கண் திறந்த நாள்

இன்று விடியற்காலை அம்மனுக்குக் கண் திறந்தாயிற்று. மாமல்லபுரத்துப் பட்டறையில் எட்டு மாதம் எங்களோடு இருந்த கருங்கல். கல் வந்து இறங்கிய அன்றே ஸ்தபதி ஐயா என்னைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அதன் பிறகும் தினமும் வேலை தொடங்குமுன் தட்டிக் கேட்டேன்.

மூக்கை முடித்த நாளில்தான் மிகவும் பயந்தேன். அங்கே அரிசி அளவு சில்லு தெறித்தாலும் எட்டு மாத உழைப்பு போச்சு. பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது. ஐயா என் கையிலிருந்த உளியை வாங்கிக்கொள்ளவில்லை. “சுத்தியலை ஓங்காதே, அதன் எடையிலேயே விழட்டும்” என்றார், அவ்வளவுதான்.

கருவிழியை மட்டும் செதுக்காமல் விட்டிருந்தோம். இன்று கோயிலில் திரை கட்டி, ஐயா தங்க ஊசியால் கோடு இழுத்து, சிற்றுளியால் விழியைத் திறந்தார். நான் எதிரே கண்ணாடியைப் பிடித்திருந்தேன். பிறகு திரை விலகியது. பசுவும் கன்றும் அம்மன் முன் நின்றன. ஊரே கைகூப்பியது. என் கை இன்னும் கண்ணாடியை இறக்கவில்லை.

நாளைக் காலை பட்டறையில் அந்த இடம் காலியாக இருக்கும்.