கிளி ஏன் சாப்பிடவில்லை?

'என் கிளி ஏன் என் பேதியைச் சாப்பிட மாட்டேன் என்கிறது?'

முகம் சுளிக்காதீர்கள். நான் கேட்கவில்லை. 2009 வாக்கில் இணையத்தில் சுற்றிய ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்த கேள்வி. கூகுள் பெட்டியில் 'ஏன் மாட்டேன் என்கிறது' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஓரிரு வார்த்தை அடித்தால், மிச்சத்தை அதுவாகவே இப்படி முடித்து வைத்தது. உலகம் சிரித்தது. கூடவே ஒரு சந்தேகம்: இதையெல்லாம் கேட்கிற ஆசாமிகள் யார்?

இந்த யூகிக்கும் வித்தையை 2004 டிசம்பரில் கெவின் கிப்ஸ் என்கிற கூகுள் எஞ்சினீயர் ஒரு பரிசோதனையாகக் கொண்டுவந்தார். 2008 ஆகஸ்ட்டில் அது முகப்புப் பக்கத்துக்கே வந்துவிட்டது. அடிப்படை சமாச்சாரம் எளிது. நீங்கள் அடித்த எழுத்துக்களில் துவங்கி இதற்குமுன் மற்றவர்கள் அடித்த கேள்விகளில், அதிகம் கேட்கப்பட்டதையும் அண்மையில் சூடுபிடித்ததையும் பொறுக்கி, உங்கள் ஊர், பாஷை பார்த்து நீட்டுகிறது. யாரோ ஒருத்தர் ஒரே ஒரு தடவை கேட்டது பட்டியலில் ஏறாது. பல பேர் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் பல பேர் கிளிக்கு... சே, இல்லை. இந்த மாதிரி ஜோக்குகளில் சிரித்தவர்கள்தான் கேட்டவர்கள். படத்தைப் பார்த்தவர் 'நிஜமாவா?' என்று தன் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கிறார். வந்துவிட்டது! உடனே ஒரு க்ளிக். பெட்டிக்குக் கிண்டல் தெரியாது. அதையும் ஒரு தேடலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கேள்வி இன்னும் மேலே ஏறுகிறது.

எது கிண்டல், எது நிஜம் என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கத்தில் கேள்வியைக் கொடுத்தால், அது எந்தெந்த வருஷம் எவ்வளவு தேடப்பட்டது என்று கோடு போட்டுக் காட்டும். ஜோக் என்றால் கோடு தரையோடு படுத்திருந்து, ஒரு வாரம் கோபுரமாக எழும்பி, மறுபடி படுத்துவிடும். நிஜமான கவலைக்குக் கோபுரம் கிடையாது. 'குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது' என்பது போன்ற கேள்விகள் வருஷக்கணக்காக ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். ரொம்பக் குறைவாகத் தேடப்பட்டதற்குக் கோடே வராது என்பது மட்டும் ஒரு குறை.

ஆக, சிரிப்பு வருகிற கேள்விகள் மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. சிரிப்பு வராதவைதான் சொல்கின்றன.

சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற பொருளாதார நிபுணர் அமெரிக்கப் பெற்றோர்களின் தேடல்களை ஆராய்ந்து 2014-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 'என் மகன் அபார புத்திசாலியா?' என்ற கேள்வி, மகளைப் பற்றிய அதே கேள்வியைப்போல் இரண்டரை மடங்கு கேட்கப்பட்டிருந்தது. 'என் மகள் குண்டாக இருக்கிறாளா?' என்பது மகனைவிட சுமார் இரண்டு மடங்கு. இத்தனைக்கும் அந்த ஊரில் குண்டாக இருப்பவர்கள் பையன்களில்தான் சற்று அதிகம். இந்தப் பெற்றோர்களை ஒரு சர்வேக்காரர் வாசலில் நின்று கேட்டிருந்தால், 'எங்களுக்குப் பையனும் பெண்ணும் ஒண்ணுதான் சார்' என்றிருப்பார்கள். பொய் சொல்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மகளின் இடுப்பை அளக்கிற அந்தக் கேள்வி, பெட்டிமுன் தனியாக உட்கார்ந்தபோதுதான் வெளியே வந்தது.

இதற்காக, கேட்டவர்களை எல்லாம் கூண்டில் ஏற்ற முடியுமா? அங்கேதான் ஜாக்கிரதை தேவை. ஒன்றைத் தேடுவது அதை நம்புவதாக ஆகாது. 'நான் கெட்ட அம்மாவா?' என்று ராத்திரி இரண்டு மணிக்கு அடிப்பவள் பெரும்பாலும் கெட்ட அம்மாவாக இருக்கமாட்டாள். 'இது தப்பா?', 'எல்லாருக்கும் இப்படித்தானா?' என்று துவங்கும் கேள்விகளில் கேட்பது தகவல் அல்ல. 'நீ மட்டும் இல்லை' என்று யாராவது சொல்லமாட்டார்களா என்பதுதான். அந்த ஆறுதலை, பெட்டி பதிலில் தருவதற்கு முன்பே பட்டியலில் தந்துவிடுகிறது. நாம் பாதி அடிக்கும்போதே மீதியை அது சொல்கிறதென்றால், நமக்குமுன் பல பேர் அதே கூச்சத்தோடு அங்கே வந்துபோயிருக்கிறார்கள்.

ஆனால் அதே ஆறுதல் வெறுப்புக்கும் கிடைத்துவிடும். 2013-ல் ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு வெளியிட்ட போஸ்டர்களில் 'பெண்களுக்கு' என்று துவங்கியதைப் பெட்டி 'உரிமைகள் கூடாது' என்று முடித்திருந்தது. பெண்களின் வாயின்மேல் அந்தப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். வக்கிரமானவனுக்கும் 'நீ மட்டும் இல்லை' என்று ஒரு முதுகுத் தட்டல்! இப்போது கூகுள் வெறுப்பு, ஆபாசம் போன்றவற்றை யூகங்களிலிருந்து வடிகட்டுகிறது. தேடத் தடையில்லை, எடுத்துக் கொடுப்பதில்லை, அவ்வளவே. அதனால் பட்டியல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து மனசும் சுத்தமாகிவிட்டது என்று எண்ணவேண்டாம்.

அடுத்த முறை இப்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தால் கிளியைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள சாதாரண வரிகளையும் ஒரு நிமிஷம் படித்துப் பாருங்கள். அவற்றை யாரும் வேடிக்கைக்காகக் கேட்டிருக்க மாட்டார்கள்.