ரசீதுக்காகக் கொடுத்த முகவரி

கனடாவில் ஒருவர் தம் ஃபேஸ்புக் கணக்கை அழிக்கப் போனபோது, தம்மைப் பற்றி அந்த நிறுவனம் சேர்த்து வைத்திருந்த விவரங்களைப் பார்த்தார். ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடைக்கு நேரில் போய் அவர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை அங்கே பதிவாகி இருந்தன. கடையில் நின்று வாங்கிய பொருள் ஃபேஸ்புக்குக்கு எப்படித் தெரிந்தது? அவர் அந்நாட்டின் தனியுரிமை ஆணையரிடம் புகார் கொடுத்தார். 2023 ஜனவரியில் விசாரணை முடிவு வெளியானது. பில் போடும் இடத்தில், காகித ரசீதுக்குப் பதிலாக மின்னஞ்சலில் ரசீது வேண்டும் என்று அவர் கொடுத்த முகவரிதான் வழி திறந்துவிட்டிருந்தது.

அந்தக் கடை முகவரியை யாருக்கும் விற்கவில்லை. முகவரி அப்படியே கைமாறவும் இல்லை. இத்தகைய ஏற்பாடுகளில், முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிகளை நீக்கி, SHA-256 போன்ற ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்துவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரு சரம் வெளியே வரும். இதற்கு ஹாஷ் என்று பெயர். சரத்தைப் பார்த்து முகவரியைத் திருப்பி எடுப்பது கடினம். ஆனால் ஒரே முகவரியை யார் எங்கே செலுத்தினாலும் ஒரே சரம்தான் கிடைக்கும். ஹாஷையும், வாங்கியதைப் பற்றிய பொதுவான விவரத்தையும் கடை அனுப்புகிறது. விளம்பர நிறுவனம் தன் பயனர்களின் முகவரிகளையும் அதே கணக்கீட்டில் போட்டுப் பார்க்கிறது. இரண்டு சரமும் ஒன்றானால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். முகவரியை அறியாதவரிடமிருந்துதான் இந்தத் திரை அதை மறைக்கும். எதிரில் இருப்பவரோ ஏற்கெனவே அந்த முகவரியை வைத்திருப்பவர். அதனால் “பெயரில்லாத தரவைத்தானே கொடுத்தோம்” என்ற சமாதானத்தை அறத்தின் கணக்கில் ஏற்க முடியாது.

கடையின் நோக்கம் தன் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் வந்து வாங்கினார்களா என்று அளப்பது. விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கும் வணிகருக்கு இந்த ஆவல் இயல்பானது, அதில் குற்றமும் இல்லை. ஆனால் ஒப்பந்தப்படி அந்த விவரத்தை ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் தன் சொந்த வணிகத்துக்கும், அந்தக் கடையோடு தொடர்பே இல்லாத விளம்பரங்களுக்கும் பயன்படுத்திக்கொள்ள இடம் இருந்தது. ஒரு கடைக்குக் கொடுத்த முகவரிக்காக வேறெங்கோ ஒரு விளம்பரம் பின்தொடர்வதற்கு இந்த இடைவெளி போதும்.

தன் தனியுரிமை அறிக்கை இணையத்தில் இருக்கிறது, கடையில் கேட்டால் அச்சிட்டும் தருவோம் என்றது ஹோம் டிப்போ. மீண்டும் மீண்டும் சம்மதம் கேட்டால் வாடிக்கையாளர் சலித்துப்போவார் என்றும் வாதிட்டது. இந்தச் சலிப்பு உண்மையான ஒன்றுதான். எதையும் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தும் விரலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்டால் சலித்துக்கொள்வார் என்பது, கேட்காமலே செய்துவிட உரிமை தராது. ரவிக்கை தைக்க அளவு கொடுத்தவரிடம், அந்த அளவை அடுத்த கடைக்குச் சொல்லலாமா என்று கேட்கத் தையற்காரர் தயங்கினால், பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆணையரும் வாதத்தை ஏற்கவில்லை. 2022 அக்டோபரிலேயே நிறுவனம் அந்தப் பகிர்வை நிறுத்தியிருந்தது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதே காட்சியை உதாரணமாகவே தருகிறது: மருந்துக் கடையில் பணம் செலுத்தியதற்கான ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பக் கேட்டு ஒருவர் விவரம் கொடுத்தால், ரசீது அனுப்புவதற்காகக் கடை அதைப் பயன்படுத்தலாம்.

கடையில் கொடுத்த முகவரிக்குக் குப்பை மின்னஞ்சல் வரத் தொடங்கினால், குற்றவாளியைச் சொல்வது இவ்வளவு எளிதல்ல. ஜிமெயில் வைத்திருப்பவர், @ குறிக்கு முன்னால் `+kadai` என்பதுபோல் கடைக்கு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுக்கலாம். அஞ்சல் அதே பெட்டிக்குத்தான் வரும். பிறகு அந்தச் சொல் சேர்ந்த முகவரிக்கு வேறொருவர் எழுதினால், முகவரி எந்தப் பட்டியலிலிருந்து போனது என்று தெரியும். சில படிவங்கள் + குறியை ஏற்காது. பட்டியல் வாங்குவோர் அந்தச் சொல்லை வெட்டி எறிந்துவிடவும் முடியும். எல்லாம் சரியாக அமைந்தாலும், அது விற்றுப் போனதா, திருடு போனதா என்று அந்தச் சொல் காட்டாது.

இந்த வேறுபாடு அறத்துக்கு முக்கியம். விற்றவரையும் திருட்டுக் கொடுத்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் திருட்டுக் கொடுத்தவர் முழுதும் கைகழுவிவிட முடியாது, ஏனென்றால் பெட்டகத்தை யாரிடம் விட்டுவைப்பது என்று தேர்ந்தவர் அவர். 2011-இல் அமெரிக்காவில் எப்சிலான் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் வாடிக்கையாளர்களின் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் எடுத்துச் சென்றார்கள். பெஸ்ட் பை, டார்கெட், குரோகர் போன்ற பெருங்கடைகளுக்காக அஞ்சல் அனுப்பித் தந்த நிறுவனம் அது. போலி அஞ்சல் வரலாம், எச்சரிக்கையாக இருங்கள் என்று கடைகள் வாடிக்கையாளர்களுக்கு எழுதின. முகவரியைக் கடையிடம் கொடுத்த ஒருவருக்கு, எப்சிலான் என்ற பெயரைக் கேள்விப்பட அதுவரை ஒரு காரணமும் இருந்ததில்லை.