ஆறெழுத்துக்கு மேல் படிக்காத மெஷின்

ஸோர்க் என்ற பழைய டெக்ஸ்ட் அட்வென்ச்சர் ஒரு வெள்ளை வீட்டின் முன்னால் தொடங்குகிறது. வாசலில் ஒரு தபால் பெட்டி. `OPEN MAILBOX` என்று அடித்தால் அது திறந்து, உள்ளே ஒரு துண்டுப் பிரசுரம் இருப்பதாகச் சொல்கிறது. அடுத்த முறை `OPEN MAILBOAT` என்று அடித்துப் பாருங்கள். தபால் பெட்டி படகாகிவிட்டதே என்று மெஷின் கவலைப்படாது. அதே பெட்டியைத்தான் திறக்கும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஆறெழுத்தை மட்டுமே அது பார்க்கிறது. `MAILBO` வரை சரியாக இருந்தால் போதும், மிச்சத்தை விட்டுவிடும்.

இது சோம்பேறித்தனம் இல்லை, கறாரான சிக்கனம். இந்த வகை விளையாட்டில் படம் கிடையாது, ஒலி கிடையாது. மெஷின் நாலு வரி எழுதும். நாம் படித்துவிட்டு ஒரு கட்டளை அடிப்போம். அது பதில் எழுதும். நம் கையில் இருப்பதெல்லாம் அந்த நாலு வரிதான் என்பதால், அது எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஸோர்க் 1977இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் என்ற நால்வர் எழுதினார்கள். ஓடியது பி.டி.பி.-10 என்ற பெரிய கணினியில். ஏறக்குறைய ஒரு மெகாபைட் இடம் பிடித்தது. 1979இல் இன்ஃபோகாம் என்ற கம்பெனி தொடங்கி இதை வீட்டுக் கணினிகளுக்கு விற்கப் பார்த்தபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. டி.ஆர்.எஸ்.-80, ஆப்பிள் II போன்ற அன்றைய வீட்டுக் கணினிகளில் 32 அல்லது 48 கேபி நினைவகம்தான் இருக்கும். அதோடு ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு பிராசஸர். ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது.

ஜோயல் பெரஸும் மார்க் பிளாங்கும் கண்ட வழி, எங்குமே இல்லாத ஒரு கணினியைக் காகிதத்தில் வடிவமைப்பது. அதன் பெயர் இசட்-மெஷின். விளையாட்டை இந்தக் கற்பனைக் கணினிக்காக ஒரே ஒரு முறை எழுதுவார்கள். பிறகு ஒவ்வொரு நிஜக் கணினிக்கும் அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்கும் சின்ன நிரல் ஒன்று. அதற்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர். கதைக் கோப்பு காஸெட் என்றால் இன்டர்பிரெட்டர் டேப் ரெக்கார்டர். புது மாடல் கணினி சந்தைக்கு வந்தால் டேப் ரெக்கார்டரை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். அப்படியும் முழு ஸோர்க்கை அடைக்க முடியாமல் மூன்று பாகமாக வெட்டினார்கள். முதல் பாகம் 1980இல் வெளிவந்தது.

முதல் பாகத்தின் கோப்பு சுமார் 85 கேபி. அதை 32 கேபிக்குள் எப்படி ஓட்டுவது? விளையாடும்போது மாறக்கூடியது எது, மாறாதது எது என்று கோப்பைப் பிரித்துவிட்டார்கள். கதவு திறந்திருக்கிறதா, விளக்கு யார் கையில் என்பவை மாறும். அறையின் வர்ணனை மாறாது. மாறும் பகுதி சுமார் 12 கேபிதான். அது எப்போதும் நினைவகத்தில் இருக்கும். வர்ணனைகளில் பெரும்பாலானவை ஃபிளாப்பியிலேயே கிடக்கும். நீங்கள் அந்த அறைக்குள் நுழையும்போதுதான் டிரைவ் சுழன்று அந்தத் துண்டைக் கொண்டுவரும். விளையாட்டைச் சேமிப்பதும் இதனால் எளிதானது. அந்த 12 கேபியையும், நிரல் நின்ற இடம் பற்றிய கொஞ்சம் தகவலையும் எழுதிவைத்தால் உலகம் முழுவதையும் எழுதிவைத்ததாகிவிடும்.

அந்த மாறும் பகுதிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அறை, பெட்டி, பிரசுரம், விளையாடுபவர் எல்லாமே ஒரே வகைப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பைட். முதல் நான்கு பைட்டில் 32 ஆம்-இல்லைக் குறிகள்: திறந்திருக்கிறதா, எடுக்க முடியுமா, வெளிச்சம் தருமா. அடுத்த மூன்று பைட்டில் உறவுமுறை: நீ யாருக்குள் இருக்கிறாய், உன் பக்கத்தில் யார், உனக்குள் முதலில் யார். கடைசி இரண்டு பைட், மற்ற விவரங்கள் இருக்கும் இடத்தின் முகவரி. பிரசுரம் பெட்டிக்குள், பெட்டி வாசலுக்குள். `TAKE LEAFLET` என்று அடித்தால் நடப்பது இவ்வளவே: பிரசுரத்தின் ‘யாருக்குள்’ என்ற பைட்டில் பெட்டியின் எண் போய் உங்கள் எண் வந்து உட்காரும், கூடவே ஓரிரு உறவு எண்கள் திருத்தப்படும். படம் வரையும் விளையாட்டு ஒரு கையசைவுக்குச் செலவழிப்பதைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இனி எழுத்து. சாதாரணமாக ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட் வேண்டும். இசட்-மெஷின் ஐந்து பிட்டில் முடித்துக்கொள்கிறது. ஐந்து பிட்டில் 0 முதல் 31 வரை எண்கள் கிடைக்கும். சிறிய எழுத்துகள் 26க்கும் 6 முதல் 31 வரை எண்கள். மிச்சம் உள்ளவை இடைவெளிக்கும், பெரிய எழுத்துக்கு மாறவும், நிறுத்தற்குறிக்கு மாறவும், அடிக்கடி வரும் சொற்களைச் சுருக்கவும். மூன்று எழுத்தைச் சேர்த்தால் 15 பிட். ‘வாசகம் இத்தோடு முடிந்தது’ என்று சொல்ல ஒரு பிட். மொத்தம் 16, சரியாக இரண்டு பைட். மூன்று பைட் பிடிக்க வேண்டியது இரண்டில் அடங்கிவிட்டது.

`lamp` என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்துக்குப் பின் இரண்டு இடம் காலி. அதை 5 என்ற எண்ணால் நிரப்புவார்கள்.

```
l=17  a=6   m=18  ->  0 10001 00110 10010  =  44 D2
p=21  5     5     ->  1 10101 00101 00101  =  D4 A5
```

அகராதியில் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளுக்கும் நான்கு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு பைட் என்றால் ஆறெழுத்து. `MAILBOAT` ரகசியம் அவ்வளவுதான்.

இந்தச் சிக்கனம் எழுத்தாளரின் கையையும் கட்டிப்போட்டது. வர்ணனையில் ஒரு பெயர்ச்சொல் வந்தால், வாசகர் அதைத் தொட்டுப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அகராதியில் ஓரிடம், ஒன்பது பைட், அதற்கான பதில்கள் என்று விலை உண்டு. மெஷினின் இந்தப் பழைய பதிப்பில் மொத்தமே 255 பொருள்கள்தான். ஆகவே நல்ல ஆசிரியர் அலங்காரத்துக்காக எதையும் வைப்பதில்லை. அறையில் ஒரு கம்பளம் கிடக்கிறது என்று எழுதியிருந்தால், அதை நகர்த்திப் பார்ப்பது உங்கள் வேலை. ஸோர்க்கின் நிலவறைக்குப் போகும் கதவு அந்தக் கம்பளத்தின் அடியில்தான் இருக்கிறது. ஓட்டமாகப் படிப்பவர் வீட்டைச் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருப்பார்.

இன்னொரு விஷயத்தையும் பொறுமையாகப் படிப்பவர்கள் கண்டுகொள்வார்கள். வாசலில் நின்றபடி `TAKE UMBRELLA` என்று அடித்தால், அந்தச் சொல்லே தெரியாது என்று பதில் வரும். `TAKE TRIDENT` என்று அடித்தால், அப்படி எதுவும் இங்கே காணவில்லை என்று வரும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது அகராதியிலேயே இல்லை. இரண்டாவது அகராதியில் இருக்கிறது, ஆகவே எங்கோ ஒரு திரிசூலம் இருக்கிறது. மறுக்கும்போதே மெஷின் உண்மையை உளறிவிடுகிறது. பின்னாளில் கிரஹாம் நெல்சன் எழுதிய இன்ஃபார்ம் என்ற கருவியில் இரண்டுக்கும் ஒரே பதில் வரும்படி வைத்து இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வர்ணனையில் வந்த பொருளை அகராதியில் சேர்க்க மறந்திருந்தால், கண்ணெதிரே சொன்ன ஒன்றையே தெரியாது என்று மெஷின் சாதிக்கும். செய்ய வேண்டியது தெரிந்தும் ஆசிரியர் நினைத்த வினைச்சொல் நமக்குத் தோன்றாமல் அரை மணி நேரம் முட்டிக்கொள்வதும் உண்டு. இதைவிட மோசமானது, தோற்றுவிட்டோம் என்பதே தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பது. ஸோர்க்கில் எரியும் விளக்கின் பேட்டரி ஒவ்வொரு கட்டளைக்கும் தேய்கிறது. விளக்கு மங்குவதாக ஒரு வரி வந்தால், அது அழகுக்காக எழுதியது அல்ல. எண்ணிக்கை குறைகிறது என்று அர்த்தம். அதற்குள் வீணாக அலைந்திருந்தால் பழைய சேமிப்புக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் ஒரே கோப்பில் திரும்பத் திரும்பச் சேமிக்காமல், வேறுவேறு பெயரில் சேமிக்கச் சொல்வார்கள்.

1993இல் நெல்சன் தன் ‘கர்ஸஸ்’ விளையாட்டையும் இன்ஃபார்மையும் வெளியிட்ட பிறகு, இன்ஃபோகாம் மூடிப்போயும் இசட்-மெஷின் பிழைத்துக்கொண்டது. ஃப்ராட்ஸ் என்ற இலவச இன்டர்பிரெட்டர் இன்று எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். திரையில் கர்சரை நகர்த்தக்கூட வராத டெர்மினலுக்கு `dfrotz` என்று ஒரு வடிவம் உண்டு. கமடோர் 64இல் ஓடும் ஓஸ்மூ என்ற இன்டர்பிரெட்டரை எழுதிய இருவர், அந்தப் பழைய எட்டு-பிட் கணினிகளில் திணறாமல் ஓடும் புதுக் கதைகளை எழுத பியூனிஇன்ஃபார்ம் என்ற நூலகத்தையும் தந்திருக்கிறார்கள்.

தமிழில் எழுத முடியுமா என்ற கேள்வி வராமல் இருக்காது. மெஷினின் பிற்காலப் பதிப்புகளில் வழி இருக்கிறது, ஆனால் சும்மா வராது. எழுத்து அட்டவணையில் இல்லாத குறி ஒவ்வொன்றும் நான்கு ஐந்து-பிட் இடங்களைத் தின்னும். பிற்காலப் பதிப்பின் அகராதிச் சொல்லுக்கு இருப்பது ஒன்பது இடம். அப்படியே விட்டால் ‘பெட்டி’, ‘பெண்’, ‘பெயர்’ மூன்றும் ‘பெ’ என்பதோடு நின்று ஒரே சொல்லாகிவிடும். ஆகவே அட்டவணையையே தமிழுக்கு மாற்ற வேண்டும். தமிழுக்குத் தேவையான யூனிகோட் குறிகள் ஐம்பதுக்குள் அடங்குவதால் இடம் தாராளம். அதற்குப் பின்தான் உண்மையான வேலை. விளையாடுபவர் ‘பெட்டி திற’ என்று அடிக்க மாட்டார், ‘பெட்டியைத் திற’ என்பார். அகராதியில் ‘பெட்டி’ மட்டும் இருந்தால் மெஷின் கைவிரிக்கும். வேற்றுமை உருபைக் கழற்றும் நிரல் வேண்டும். அது வெறுமனே வாலை வெட்டினால் போதாது. ‘விளக்கை’ என்பதிலிருந்து ‘விளக்கு’ வர வேண்டும், ‘மரத்தை’ என்பதிலிருந்து ‘மரம்’ வர வேண்டும். இலக்கணமும் நிரலும் தெரிந்தவர்கள் ஓர் அறை, பத்துப் பொருள், ஐந்து வினைச்சொல் என்று சின்னதாகத் தொடங்கிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு முறை ஸோர்க்கை ஆடிவிடுங்கள்: முதல் கட்டளையாக `VERBOSE` அடித்தால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் அறையின் முழு வர்ணனையும் வரும். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் நீங்கள்தான் போட வேண்டும்.