கேள்வியும் அறிவுடைமையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் முதுகலை மாணவி ஒருத்தி துறைக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவன் அடிக்கிறான் என்று சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் கேட்டாள்: "அம்மா வீட்டுல சொல்லலாமா மேடம்?"

நான் யோசிக்கவில்லை. "குடும்ப விஷயம் வாசல் தாண்டக் கூடாதும்மா, கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பருவத் தேர்வுக்கு அவள் வரவில்லை. நான் சொன்னபடியே மூன்று மாதம் பொறுத்திருந்தாள் என்பதும், கை எலும்பு முறிந்த பிறகுதான் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது என்பதும் அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

அன்று என் வாயிலிருந்து வந்தது என் அம்மாவின் வாக்கியம். என் திருமணத்துக்கு முதல்நாள் இரவு அம்மா அதை எனக்குச் சொன்னாள். இருபது ஆண்டுகளாக அதை நான் வைத்திருந்தேன். ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. முனைவர் பட்டத்துக்காக ஒவ்வொரு பாடபேதத்தையும் ஐயப்பட்டுப் பார்த்தவள், ஒரு பெண்ணின் உயிரைத் தொடும் வாக்கியத்தை மட்டும் கைமாற்றிவிட்டேன்.

பிறகு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "எங்கம்மா சொன்னா, நான் ஒனக்குச் சொன்னேன்" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதை வந்தது. அம்மாவின் சித்தி ஒருத்தி, வீட்டில் நடந்த பணத் தகராறு ஒன்றைக் கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள். பேச்சு ஊரைச் சுற்றிவந்து, நிச்சயிக்கப்பட்டிருந்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. அந்த வருடத்திலிருந்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இந்த விதி. அது ஊர்வாய்க்கு எதிராகப் பிறந்த விதி. அடிபடுகிற பெண் தன்னைப் பெற்றவளிடம் சொல்வதைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. "அடிச்சா சொல்லாம இருக்கச் சொன்னியாம்மா?" என்று கேட்டேன். "அதெப்படிச் சொல்லுவேன்?" என்றாள். ஆனால் அவள் அம்மா அடிவாங்கிக்கொண்டு சொல்லாமல்தான் இருந்தாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். காரணம் கழன்று விழுந்த பிறகும் விதி தனியே நடந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்து மெய்யியலாளர் அலிசன் ஹில்ஸ் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒன்று தவறு என்று அறிவதற்கும் அது ஏன் தவறு என்று புரிந்துகொள்வதற்கும் இடையே கோடு போடுகிறார். நம்பத் தகுந்தவர் சொன்னால் முதலாவது கிடைத்துவிடலாம். இரண்டாவது அப்படி எளிதில் கைமாறாது. மருத்துவர் தரும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே நான் குணமாகிவிடுவேன். அறம் அப்படியில்லை. புதிய நிலைமை ஒன்று எதிரே வந்து உட்காரும்போது, காரணம் தெரிந்தவளால்தான் 'இந்த விதி இங்கே பொருந்தாது' என்று சொல்ல முடியும். என்னிடம் விதி இருந்தது, காரணம் இல்லை. அதனால் ஊர்வாய்க்கான பதிலை அடிக்கான பதிலாகக் கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் பெற்றோர், அறிஞர், சமயப் பெரியவர் சொன்ன எதையும் நாமே ஆராய்ந்து முடிக்காமல் ஏற்கக் கூடாதா? அதுவும் சரியில்லை. அம்மா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள்: வீட்டு வேலைக்கு வருகிறவர் சம்பளத்தைக் கேட்கும்படி வைக்காதே, ஒன்றாம் தேதி நீயாகக் கொடு. பல வருடம் அதைப் பழக்கமாகவே செய்துவந்தேன். ஒருமுறை கல்லூரியில் எங்கள் சம்பளம் இரண்டு மாதம் தாமதமாகி, அலுவலக வாசலில் போய் நின்று கேட்டபோதுதான், கேட்க வைப்பதில் இருக்கும் அவமானம் எனக்கு உறைத்தது. புரியும்வரை காத்திருந்திருந்தால், அத்தனை வருடமும் ஒருத்தியைக் கேட்க வைத்திருப்பேன்.

பெண்ணிய மெய்யியலாளர் கேரன் ஜோன்ஸ் 1999இல் எழுதிய கட்டுரை இதை இன்னும் கூர்மையாகப் பார்க்கிறது. பெண்களும் ஆண்களும் சேர்ந்து வாழும் ஒரு கூட்டு வீட்டில், புதிதாகச் சேர வரும் சில ஆண்களிடம் பெண்ணை மட்டமாக நினைக்கும் போக்கு இருப்பதாக அங்குள்ள பெண்கள் சொல்கிறார்கள். பீட்டர் என்பவனுக்கு அது கண்ணில் படவில்லை. தானே பார்த்தால்தான் நம்புவேன் என்று அவன் நின்றால், அவன் சுயமாகச் சிந்திப்பதாகப் பெயர் வாங்கலாம். ஆனால் தவறு செய்வான். அவன் பார்வை பழகாத இடத்தில் அவர்கள் பார்வை பழகியிருக்கிறது. அங்கே நம்புவதே பொறுப்பு. மாதவிடாய்த் தீட்டையோ சாதியின் தீண்டாமையையோ அனுபவித்தவர் 'இது வலிக்கிறது' என்னும்போது, அனுபவிக்காதவர் ஆதாரம் கேட்டு உட்கார்ந்திருப்பது ஆராய்ச்சி ஆகாது.

ஆக, யாரை நம்புவது என்பதையாவது நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பயன்பட்ட சோதனை ஒன்று உண்டு: இந்த விதிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? சம்பள விதியில் விலை சொல்பவளுக்கு, அதாவது காசு கொடுக்கும் எங்களுக்கு. வாசல் விதியில் விலை முழுவதும் அடிபடுகிறவளுக்கு. லாபம் அடிப்பவனுக்கும் குடும்பத்தின் பெயருக்கும். விலை கொடுக்காதவர் சொல்லும் விதியை, அவர் எத்தனை பெரியவரானாலும், காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் கேட்டதும் சொல்பவர் கோபப்பட்டால், காரணம் அவரிடமும் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்தச் சோதனையை வகுப்பில் குறளை வைத்தே செய்கிறோம். 55ஆம் குறள், கணவனைத் தொழுது எழும் பெண் சொன்னால் மழை பெய்யும் என்கிறது. பரிமேலழகரும் அப்படியே உரை சொல்கிறார். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வள்ளுவரும் கற்பும் பற்றித் தனி அத்தியாயமே எழுதி இதை மறுத்தார். மாணவிகள் இங்கே ஒரு பெரியவரை விட்டுவிட்டு இன்னொரு பெரியவரைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நான் 423க்குத் திருப்புவேன். யார் சொன்னாலும் அதன் மெய்யைக் காண்பதே அறிவு என்கிற குறள் அது. அதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் வியப்பானது: குணங்கள் எல்லோரிடமும் மாறி மாறி வருவதால், உயர்ந்தவர் வாயிலிருந்து இழிந்த பொருளும், நண்பர் வாயிலிருந்து கேடு தரும் பொருளும் சில வேளை வரும் என்கிறார். அந்த உரையை 55க்கு எழுதிய உரையின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்பேன். அவர் கொடுத்த கருவியாலேயே அவரைச் சோதிக்கலாம்.

குறளில் 42ஆம் அதிகாரம் கேள்வி, 43ஆம் அதிகாரம் அறிவுடைமை. முதலில் பெரியோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, அடுத்து அதன் மெய்யைப் பார்ப்பது. நான் 42இலேயே நின்றுபோயிருந்தேன்.

அந்த மாணவி பிறகு படிப்பை முடித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் இருந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். இப்போது அப்படி யாராவது வந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் 181 என்ற உதவி எண்ணையும் சொல்கிறேன். அதற்கு முன், "நான் சொல்றேன்னு செய்யாதே, காரணம் சொல்றேன், சரியான்னு பாரு" என்றும் சொல்லிவிடுகிறேன்.